குருக்கள் குரு அல்லர்

டொரொண்டோவில் பிறந்து வளர்ந்த என் அக்காள் மகளைத் திருவாவடுதுறைக் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தேன். அர்ச்சனைத் தட்டை நீட்டியவள், பல நாள் மனத்தில் வைத்திருந்த கேள்வி ஒன்றைக் குருக்களிடம் கேட்டாள். உயிர் எப்படி முத்தி அடைகிறது என்பது அந்தக் கேள்வி. குருக்கள் ஒரு நொடி அவளைப் பார்த்தார். "நட்சத்திரம் சொல்லும்மா" என்றார்.

வெளியே வந்ததும் அவளுக்குக் கோபம். குரு என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருக்கிறவருக்கு இதற்குக்கூட விடை தெரியாதா என்றாள். குருக்கள் மேல் பிழை இல்லை. அஞ்சல் நிலையத்தில் போய் மருந்துச் சீட்டை நீட்டிய கதை அது. ஆனால் அவளைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் இந்தக் குழப்பத்தை நம் மொழியே அவளுக்குச் செய்துவைத்திருக்கிறது. கோயிலில் பூசை செய்பவர் குருக்கள், சிவாச்சாரியார். இரண்டுமே ஆசிரியர் என்று பொருள்படும் சொற்கள். பிராமண வீடுகளில் திருமணமும் திதியும் செய்துவைக்கிறவர் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவரும் வாத்தியார். காவி கட்டியவர் எல்லாம் சாமியார். பூசை செய்பவரையும் சாமி என்கிறோம், சபரிமலைக்கு மாலை போட்ட பக்கத்து வீட்டுப் பையனையும் சாமி என்கிறோம், கருவறையில் இருப்பதும் சாமிதான். வெளியிலிருந்து வருகிறவர் இதில் வழி கண்டுபிடிப்பது எப்படி?

சொல்லை நம்பாமல் வேறொன்றைக் கேட்கச் சொல்வேன். இவர் பிழை செய்தால் என்ன ஆகும்? பூசகர், ஆசிரியர், அடியார், புலவர் என்ற நால்வரையும் இந்த ஒரு கேள்வி பிரித்துக் காட்டிவிடும். நான் ஓரளவு அறிந்தது காவிரிக் கரைச் சைவம் என்பதால் அதற்குள்ளேயே நிற்கிறேன். வைணவத்தில் பட்டாச்சாரியார், ஆசாரியர், ஆழ்வார் என்று பெயர்களும் உறவுகளும் மாறும். கிராமத்து அம்மன் கோயில் பூசாரியின் கதை முற்றிலும் வேறு.

பூசகரிடமிருந்து தொடங்கலாம். திரை விலகித் தீபம் காட்டும் ஐந்து நிமிடத்தைத்தான் நாம் பார்க்கிறோம். அதற்கு முன்னால் நடப்பதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாதது. ஆகம முறைப் பூசையில் ஐந்து சுத்திகள் உண்டு. பூசை செய்கிறவர் தம்மை, இடத்தை, பொருள்களை, மந்திரத்தை, இலிங்கத்தை என்று வரிசையாகத் தூய்மை செய்கிறார். இதில் முதலாவதான ஆத்மசுத்திதான் புதியவர்களை வியக்கவைக்கும். பூசகர் தம் உடம்பைப் பாவனையில் எரித்துச் சாம்பலாக்கி, அமுதத்தால் நனைத்து, மந்திரங்களை ஒவ்வோர் உறுப்பிலும் வைத்து வேறோர் உடம்பைக் கட்டிக்கொள்கிறார். சிவனைத் தொடுவதற்குச் சிவமாக ஆக வேண்டும் என்பது கொள்கை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒருவர் உட்கார்ந்து விரல்களை மடக்கி முணுமுணுப்பதாகத்தான் தெரியும். தமிழ்நாட்டுச் சிவன் கோயில்கள் பலவற்றில் இன்றும் இதற்கு வழிகாட்டி, 12ஆம் நூற்றாண்டில் அகோரசிவாச்சாரியார் எழுதிய கிரியாக்கிரமத்யோதிகை என்னும் பத்ததி. ஆகமம் சட்டம் என்றால் பத்ததி அதன் நடைமுறைக் கையேடு.

இந்தப் பூசைக்குப் பரார்த்தம் என்று பெயர். ஊருக்காக, உலகுக்காகச் செய்வது. வீட்டில் தனக்காகச் செய்துகொள்வது ஆன்மார்த்தம். பரார்த்த பூசை செய்கிறவர் ஆதிசைவ மரபில் பிறந்து, சமயம், விசேடம், நிருவாணம் என்ற மூன்று தீட்சைகளும் பெற்று, ஆசாரிய அபிடேகமும் ஆகியிருக்க வேண்டும் என்பது மரபு. அவர் ஞானியாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. காலையில் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்தாலும், முறை தவறாமல் செய்தால் பூசை பூசைதான். ஊரார் நிம்மதியாக இருப்பதற்கு இது நல்ல ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது. என் பேரில் நடக்கும் அர்ச்சனை, அர்ச்சகரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது என்றால் யார் கோயிலுக்குப் போவார்கள்?

முறை தவறினால்? அதற்கும் முறை உண்டு. பூசை ஒருவேளை நின்றால், சில நாள் நின்றால், மாதக்கணக்கில் நின்றால் என்ன பிராயச்சித்தம் என்று ஆகமங்கள் படிப்படியாகச் சொல்கின்றன. மந்திரம் விட்டுப்போவது, நேரம் தவறுவது போன்ற தெரிந்தும் தெரியாமலும் நேரும் குறைகளுக்கு ஆண்டுக்கொரு முறை பவித்ரோற்சவம் நடத்தி, முடிச்சிட்ட நூல் மாலைகளைச் சுவாமிக்குச் சாத்துகிறார்கள். மனிதன் தவறுவான் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்ட அமைப்பு இது. பூசகரின் பிழை சடங்கின் பிழை. சடங்காலேயே அது தீரும்.

பூசகருடையது ஒரு பதவி. அதனால்தான் அதற்கு நியமனமும் வழக்கும் வருகின்றன. தமிழ்நாட்டில் அர்ச்சகர் பணி வாரிசு உரிமையாக வருவதை ஒழித்த சட்டத்திருத்தத்தை எதிர்த்துப் போடப்பட்ட சேஷம்மாள் வழக்கில், 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அர்ச்சகரை நியமிப்பது சமயச் செயல் அன்று, உலகியல் செயல். ஆனால் மூர்த்தியைத் தொடுவதற்கு யாருக்குத் தகுதி என்று ஆகமம் சொல்வதை மீற முடியாது என்று இரண்டு பக்கமும் பேசிய தீர்ப்பு அது. நம் கேள்விக்கு உதவும் ஒரு வரியும் அதில் உண்டு. அர்ச்சகர் ஆகமத்தில் தேர்ந்தவராக இருக்கலாம், ஆனாலும் அவர் ஆன்மிகத் தலைவர் அல்லர். மடாதிபதியோடு அவரை ஒப்பிடக் கூடாது என்று நீதிபதிகள் பிரித்துச் சொன்னார்கள். பயிற்சி பெற்ற பிற சாதியினர் 2021இல் அர்ச்சகராக நியமிக்கப்பட்டதும், அதையொட்டி எழுந்த வழக்குகளும் எல்லாம் இந்தப் பதவியைப் பற்றியவையே. தன்னை நாயன்மாராக நியமிக்கக் கோரி யாரும் இதுவரை மனுப் போட்டதில்லை.

அப்படியானால் குருக்கள் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் அது வெறும் பெயராக இல்லை. ஆசாரிய அபிடேகம் ஆனவர் பிறருக்குத் தீட்சை கொடுக்கத் தகுதி உடையவர். ஆதிசைவக் குடும்பங்கள் பல, வேளாளர் முதலிய குடும்பங்களுக்குக் குலகுருவாக இருந்திருக்கின்றன. பிற்காலத்தில் அந்தக் கற்பிக்கும் பணியின் பெரும்பகுதியை மடங்கள் ஏற்றுக்கொண்டன. 16ஆம் நூற்றாண்டில் நமசிவாய மூர்த்திகள் திருவாவடுதுறையிலும், குருஞானசம்பந்தர் தருமபுரத்திலும் தொடங்கிய ஆதீனங்கள் அவற்றுள் பெரியவை. இவற்றின் தலைவர்கள் துறவிகள். வேளாளர் முதலிய சைவக் குடிகளிலிருந்து வந்தவர்கள். கோயிலுக்குள் மூலவரைத் தொட்டுப் பூசை செய்வது சிவாச்சாரியார். அதே கோயிலை நிருவகித்து, மடத்தில் தீட்சையும் சித்தாந்த பாடமும் தருவது ஆதீனத் தலைவரான குருமகாசந்நிதானம். திருவாவடுதுறையில் இரண்டு இடத்துக்கும் நடுவே சில நூறு அடிதான். என் அக்காள் மகள் கேள்வியைக் கொண்டுபோயிருக்க வேண்டிய இடம் அந்தச் சில நூறு அடிக்கு அப்பால் இருந்தது.

ஆசிரியர் என்பவர் யார் என்று சொல்ல, சைவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஒரு கதையைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் என்ற சிறுவர் சிவஞானபோதம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய குடும்பத்தின் குலகுரு ஆதிசைவரான ஒரு முதியவர். எல்லா ஆகமங்களும் கற்றவர் என்பதால் சகலாகம பண்டிதர் என்றே பெயர். தான் தீட்சை கொடுக்க வேண்டிய வீட்டுப் பிள்ளை ஊருக்குப் பாடம் சொல்கிறானாமே என்று பார்க்க வருகிறார். மெய்கண்டார் அப்போது ஆணவ மலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். ஆணவம் என்று நாம் அன்றாடம் சொல்லும் திமிர் அன்று இது. உயிரை அநாதியாக மூடியிருக்கும் இருள். ஆணவத்தின் சொரூபம் என்ன என்று பண்டிதர் நின்றபடியே கேட்கிறார். சிறுவர் பதில் சொல்லவில்லை. அவரை அடியிலிருந்து முடிவரை ஒரு பார்வை பார்க்கிறார். பண்டிதர் காலில் விழுகிறார். பிறகு அருணந்தி சிவாச்சாரியார் என்ற பெயரோடு அந்தச் சிறுவரின் மாணவராகிறார்.

பண்டிதர் கேட்டது வரையறை. எந்த ஆகமத்தில் எந்தப் படலத்தில் அது இருக்கிறது என்று அவருக்கே தெரியும், மெய்கண்டாரைவிட நன்றாகத் தெரிந்திருக்கலாம். கிடைத்ததோ வரையறை அன்று, வரையறுக்கப்பட்ட பொருளே. கேட்டவருக்கு மட்டும் பொருந்துகிற பதில் அது. பக்கத்தில் நின்ற இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். இதைத்தான் சைவத்தில் பக்குவம் பார்த்தல் என்கிறார்கள். ஆசிரியரின் பிழையும் இங்கேதான் தெரியவரும். பக்குவம் இல்லாதவனுக்குச் சொல்வதும், பக்குவம் வந்தவனுக்குச் சொல்லாமல் விடுவதும் அவருடைய பிழைகள். அவற்றுக்குப் பிராயச்சித்த நூலில் இடமில்லை. மாணவனிடத்தில்தான் அவை தெரியும், அதுவும் பல ஆண்டு கழித்து. ஆகவே முதல் சந்திப்பிலேயே, வந்தவர் யார், என்ன படித்திருக்கிறார் என்று ஒரு சொல்லும் கேட்காமல், தொகையைச் சொல்லித் தீட்சைக்கு நாள் குறித்துக் கொடுப்பவரிடம் புதியவர்கள் கொஞ்சம் தயங்கி நிற்பது நல்லது.

கதை இன்னும் முடியவில்லை. அருணந்தி தம் படிப்பை விட்டுவிடவில்லை. மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரம் கொண்ட சிறிய நூல். அதை விரித்து அருணந்தி எழுதிய சிவஞானசித்தியாரில் சுபக்கம் மட்டுமே 300க்கும் மேற்பட்ட பாடல்கள். அதற்கு முன் பரபக்கம் என்று பிற சமயங்களின் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கும் தனிப்பகுதி வேறு. சிறுவரிடம் கிடைத்த ஒரு பார்வையை உலகத்துக்கு விளக்க முதியவரின் புலமை வேண்டியிருந்தது.

அடியார் என்ற மூன்றாமவரை விளக்குவதுதான் கடினம். அவருக்குப் பதவி இல்லை, பரம்பரை இல்லை, தேர்வு இல்லை. சிவன் கோயில் பிராகாரத்தில் வரிசையாக நிற்கும் 63 நாயன்மார் திருவுருவங்களைக் காட்டினால் புதியவருக்கு ஓரளவு விளங்கும். அந்த வரிசையில் அரசர்கள் உண்டு, குயவர், வண்ணார், மீனவர், வேடர் உண்டு, பெண்கள் மூவர். தேவாரம் பாடிய மூவரைத் தவிர்த்தால் பெரும்பாலோர் ஒரு பாட்டும் பாடவில்லை, யாருக்கும் பாடம் சொல்லவில்லை. அவர்களை அடியார் ஆக்கியது பட்டியல்தான். திருவாரூரில் சுந்தரர் ஒரு பதிகத்தில் அடியார்களின் பெயர்களை அடுக்கினார். நம்பியாண்டார் நம்பி அதை ஓர் அந்தாதியாக விரித்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதைப் பெரியபுராணம் ஆக்கினார். பாடிய சுந்தரரையும் அவர் பெற்றோரையும் சேர்த்துத்தான் 63. மாணிக்கவாசகர் இந்த 63இல் இல்லை என்பது பல தமிழருக்கே செய்தியாக இருக்கும். அவர் நால்வரில் ஒருவர், ஆனால் நாயன்மார் அல்லர். பட்டியலில் இல்லாததால் அவர் பெருமை குறையவும் இல்லை. நியமன ஆணை இல்லாத இடத்தில் இப்படித்தான் இருக்கும்.

அடியார் பிழை செய்தால் என்ன ஆகும்? இங்கே கண்ணப்பர் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். காளத்தி மலையில் சிவகோசரியார் என்பவர் ஆகம முறைப்படி நாள்தோறும் பூசை செய்கிறார். வேட்டைக்கு வந்த திண்ணனார் அங்கே சுவாமியைக் கண்டு மனம் உருகி, பன்றி இறைச்சியை வாயில் வைத்துப் பதம் பார்த்துப் படைக்கிறார். கை இரண்டிலும் இறைச்சியும் வில்லும் இருப்பதால் வாயில் கொண்டுவந்த நீரை உமிழ்ந்து திருமஞ்சனம் ஆட்டுகிறார். தலையில் செருகிய பூவைச் சாத்துகிறார். பழைய பூவைச் செருப்புக் காலால் தள்ளுகிறார். காலையில் வந்த சிவகோசரியார் அலறிப்போய், எல்லாவற்றையும் அள்ளி எறிந்து, பிராயச்சித்தம் செய்துவிட்டுப் பூசையைத் தொடர்கிறார். மறுநாளும் அதே கோலம். இப்படியே நாட்கள் போகின்றன. கடைசியில் இறைவன் கனவில் வந்து, ஒளிந்திருந்து பார் என்கிறார். ஆறாம் நாள் சுவாமியின் கண்ணில் குருதி வழிய, திண்ணனார் தம் கண்ணைத் தோண்டி அப்புவதைச் சிவகோசரியார் பார்க்கிறார்.

இந்தக் கதையைச் சடங்குக்கு எதிராக அன்பு வென்ற கதையாகச் சொல்வது இப்போது வழக்கம். எனக்கு அது முழுச் சம்மதம் இல்லை. கதையில் எங்கும் சிவகோசரியார் தண்டிக்கப்படவில்லை, கண்டிக்கப்படவும் இல்லை. பூசகர் என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் அவர் ஒவ்வொரு காலையும் செய்தார். அவருடைய கணக்கில் தீட்டு எதுவோ அது அடியாரின் கணக்கில் படையல். இரண்டு கணக்கும் ஒரே கதையில் சரியாகத்தான் இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. கண்ணப்பர் உருவத்துக்கு எத்தனையோ கோயிலில் இன்று பூசை நடக்கிறது. அதைச் செய்கிறவர் ஐந்து சுத்தியும் செய்துவிட்டுத்தான் செய்கிறார். கண்ணப்பர் படைத்தாரே என்று எந்தக் குருக்களும் மறுநாள் இறைச்சி கொண்டுவந்ததில்லை. அடியார் செயல் வணங்கத் தக்கது. விதியாக எடுத்துக்கொள்ளத் தக்கது அன்று. புதியவர்கள் பெரியபுராணத்தை நீதிக்கதைத் தொகுப்பாகப் படித்துவிட்டு அதிர்ச்சி அடைவது இதை அறியாததால்தான். பிள்ளையைக் கறி சமைத்த சிறுத்தொண்டரை யாரும் நமக்கு முன்மாதிரியாகக் காட்டவில்லை.

அடியாரின் பிழை, ஆக, அவர் வரலாற்றின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. சங்கிலியாரைப் பிரியேன் என்று செய்த சபதத்தை மீறிச் சுந்தரர் கண் இழந்தார். அதைச் சேக்கிழார் மறைக்கவில்லை, சுந்தரரே தம் பதிகங்களில் புலம்பியிருக்கிறார். அந்தப் பிழை இல்லாவிட்டால் அந்தப் பதிகங்களும் இல்லை.

நாலாமவர் புலவர். இவருக்கு நான் கொஞ்சம் சார்பு உடையவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருவாவடுதுறை மடத்தில் ஆதீன வித்துவானாக இருந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876). அவரிடம் படித்தவர்களில் உ.வே.சாமிநாதையர் ஸ்மார்த்தப் பிராமணர். சவராயலு நாயகர் கிறித்தவர். குலாம் காதிறு நாவலர் முஸ்லிம். சைவ மடத்துப் புலவர் கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் தமிழ் சொல்லித்தருவதில் எவருக்கும் தடை இல்லை. அதே மடத்தில் தீட்சை என்று வந்தால் அப்படி நடக்காது. பாடம் சொல்லுதல் என்று ஒரே சொல்லால் குறித்தாலும் வித்தையைத் தருவது வேறு, தீட்சையைத் தருவது வேறு. புதியவர்கள் மடத்துக்குப் போனால் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டியது இதனால்தான்.

புலவருக்குத் தாம் படிக்கும் நூலின் சமயத்தில் நம்பிக்கை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நேர்மை இருக்க வேண்டும். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீரா என்று சாமிநாதையரைக் கேட்டார். அத்தனை சைவப் பிரபந்தங்களும் புராணங்களும் படித்தவர் அந்தச் சமண காவியத்தைத் தொட்டதே இல்லை. படிக்கத் தொடங்கியபோது சொற்கள் விளங்கின, கருத்து பிடிபடவில்லை. கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போனார். அவர்கள் சிந்தாமணியைப் பாராயண நூலாகவே வைத்திருந்தார்கள். அவர்களிடம் கேட்டுக் கேட்டு, ஏடுகளை ஒப்பிட்டு 1887இல் பதிப்பித்தார். பின்னால் மணிமேகலைக்காகப் பௌத்தத்தைக் கற்றார். நெற்றியில் நீறோடு சமண நூலையும் பௌத்த நூலையும் இப்படிக் கொண்டுவந்தவரை அந்தக் காலத்திலேயே சிலர் முறைத்துப் பார்த்தார்கள். ஒரு குருவுக்கு இது தேவையில்லை, பூசகருக்கு வேண்டாத வேலை. புலவருக்கு இதுதான் வேலை.

புலவரின் பிழைக்கு என்ன நேரும் என்பதற்கும் இந்த மடத்திலேயே சான்று உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இங்கே தம்பிரானாக இருந்த சிவஞான முனிவர், சிவஞானபோதத்துக்கு மாபாடியம் எழுதியவர். இலக்கண விளக்கம் என்ற நூலில் கண்ட குறைகளை எடுத்துக்காட்டி அவர் எழுதிய மறுப்பின் பெயர் இலக்கண விளக்கச் சூறாவளி. விளக்கை அணைக்கச் சூறாவளி. அந்த நூலை எழுதிய வைத்தியநாத தேசிகரும் சைவர்தான். அதற்காகச் சூறாவளி தென்றல் ஆகிவிடவில்லை. புலவரின் பிழை பெயரோடு, இடம் சுட்டி, எழுத்தில் மறுக்கப்படும். மறுத்தவரின் பிழையை அடுத்து வருகிறவர் மறுப்பார். பிராயச்சித்தம் இல்லை, பக்தர்களின் மன்னிப்பும் இல்லை.

இந்த எல்லைகள் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு 1860களில் நடந்த அருட்பா–மருட்பா பூசல் ஒரு பாடம். இராமலிங்க அடிகளின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867இல் திருவருட்பா என்ற பெயரில் வெளியிட்டார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கடுமையாக எதிர்த்தார். திருவருட்பா என்பது தேவாரம், திருவாசகம் முதலிய திருமுறைகளுக்கு உரிய பெயர், நேற்றுப் பாடியவற்றுக்கு அதைச் சூட்டக் கூடாது என்பது அவர் வாதம். கண்டன நூல்கள் பறந்தன, விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. நாவலர் என்பது திருவாவடுதுறை ஆதீனம் அவருக்குத் தந்த பட்டம். ஏட்டில் கிடந்த நூல்களைப் பிழையற அச்சில் ஏற்றிய பெரும்புலவர். ஒரு சொல் எந்த நூல்களைக் குறித்து வழங்கிவந்தது என்ற அளவில் அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் ஒருவர் அருளாளரா இல்லையா என்பது சொல்வழக்கை ஆராய்ந்து தீர்க்கிற வழக்கு அன்று. அது மக்களிடம் தீர்ந்தது. இன்று நாவலரின் பதிப்புகளை வைத்துப் படிக்கிறவர்களே வடலூர் சோதி பார்க்கவும் போகிறார்கள். இதில் நான் மறக்காத ஒன்று, அடிகள் தம் பெயரோடு சாமி என்று சேர்த்து வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுகிறது, அப்படி வழங்கச் செய்யாதீர்கள் என்று அன்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதியது. பட்டத்துக்காகப் பிறர் சண்டையிட்டபோது, உரியவர் இருந்த பட்டத்தையும் வேண்டாம் என்றவர்.

நாலு பேரைப் பற்றியும் சொன்னபின், நாலும் ஒருவரிடமே கூடியதைச் சொல்லாமல் விட்டால் புதியவர் இவை நாலு பெட்டிகள் என்று நினைத்துவிடுவார். தில்லையில் நடராசரைப் பூசிக்கும் தீட்சிதர்களில் ஒருவர் உமாபதி. ஒரு நாள் பூசை முடித்து, கோயில் மரியாதையாகப் பட்டப்பகலில் தீவட்டி முன்செல்லப் பல்லக்கில் வருகிறார். தெருவோரம் இருந்த மறைஞானசம்பந்தர், உயிரற்ற மரத்தின் மேல் பகலிலும் கண் தெரியாத ஒன்று போகிறது என்று பொருள்பட ஏதோ சொல்கிறார். பல்லக்கிலிருந்து குதித்த உமாபதி அவர் பின்னால் நடக்கிறார். மறைஞானசம்பந்தர் நெசவாளர் தெருவில் பாவுக்கு வைத்திருந்த கஞ்சியை வாங்கிக் குடிக்க, அவர் கையிலிருந்து வழிந்ததை உமாபதி ஏந்திக் குடிக்கிறார். இது மரபு சொல்லும் கதை. அடுத்து நடந்ததாக அது சொல்வதுதான் நமக்கு வேண்டியது. தீட்சிதர்கள் அவரை விலக்கிவைக்கிறார்கள். பூசை உரிமை போகிறது. ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் போய்த் தங்குகிறார்.

போனது பூசகர் பதவி ஒன்றுதான். அதைக் கொடுத்தவர்களுக்கு அதை மட்டுமே எடுக்க முடிந்தது. மறைஞானசம்பந்தரிடம் பெற்ற உபதேசத்தைத் தீட்சிதர்களால் திரும்ப வாங்க முடியவில்லை. மெய்கண்டார், அருணந்தி, மறைஞானசம்பந்தர், உமாபதி என்று சந்தானக் குரவர் வரிசையில் அவர் நாலாமவர். புலமையும் கூடவே போனது: மெய்கண்ட சாத்திரம் 14இல் எட்டு அவர் எழுதியவை. அவற்றுள் சங்கற்ப நிராகரணத்தில் சகாப்தம் 1235, அதாவது 1313 என்று ஆண்டே குறித்திருக்கிறார். பிற கொள்கையினரை வரிசையாக நிறுத்தி மறுக்கும் நூல் அது, காலத்தைக் குறிப்பதும் புலவர் குணம்தான். அடியார் என்ற பெயர் அவருக்கு எப்படி வந்தது என்பதற்கும் கதை உண்டு. அவர் இல்லாமல் ஏற்றிய கோயில் திருவிழாக் கொடி ஏறவில்லை. எல்லா மந்திரமும் சொன்னார்கள், முறையில் குறை ஒன்றும் இல்லை, கொடி நின்ற இடத்தில் நின்றது. கொற்றவன்குடியிலிருந்து அவரை அழைத்துவந்தார்கள். அவர் கொடிக்கவி பாடினார், கொடி ஏறியது.

இதை எல்லாம் கோயில் குளக்கரையில் உட்கார்ந்து அக்காள் மகளிடம் சொல்லி முடிப்பதற்குள் சாயரட்சை மணி அடித்துவிட்டது. உள்ளே ஓடினோம். அதே குருக்கள், அதே தீபம். இம்முறை அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவர் விரல்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீபாராதனை முடிந்து நீறு கொடுக்கும்போது, அர்த்தமண்டபத்துக்கு வெளியே கைத்தாளத்தோடு ஒருவர் அப்பர் பதிகம் ஒன்றைத் தொடங்கினார். நாலு முழ வேட்டி, நெற்றி நிறைய நீறு.

"மாமா, இவர் யார்?"

"ஓதுவார்."

"நாலில் யார்?"

மூலவரைத் தொடாததால் பூசகர் அல்லர். தீட்சை கொடுப்பதில்லை. தேவாரப் பாடசாலையில் ஆண்டுக்கணக்கில் பண்ணும் பாட்டும் கற்றவர், ஆனால் உரை சொல்லப் புகுவதில்லை. அடியார் பாடிய பாட்டை அடியார் பாடிய ஊர்களில் மாதச் சம்பளத்துக்குப் பாடுகிறார். சொல்லத் தொடங்கினேன். அவள் உதட்டில் விரலை வைத்தாள். ஓதுவார் இரண்டாம் பாட்டுக்குப் போயிருந்தார்.